கன்னிவாடியிலிருந்து வந்த கணக்கு: (3, 3) ஏன் மூலை இல்லை?

கன்னிவாடியில் பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்று, நோட்டில் எழுதிய கணக்கு. இன்னொன்று, அதற்காக அவள் கிராஃப் தாளில் போட்ட வரைபடம். கூடவே ஒரு வரி: "சித்தப்பா, எனக்கு 3, 3னு வருது. மிஸ் 3.2, 2.8னு போர்டுல எழுதிட்டாங்க. எது சரி?"

வணிகக் கணிதத்தில் வரும் நேரியல் திட்டமிடல் கணக்குதான். ஆனால் இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது, வழக்கமான பாடக் கணக்கைவிடக் கொஞ்சம் ஆழமாகவே போனது. கணக்கு இதுதான்:

"ஒரு விவசாயியிடம் 6 ஏக்கர் நிலம் உள்ளது. அதில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிட விரும்புகிறார். வாரத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு மக்காச்சோளத்துக்கு 4 மணி நேரமும் வெங்காயத்துக்கு 8 மணி நேரமும் மோட்டார் ஓட வேண்டும். கிணற்றிலிருந்து வாரத்துக்கு 3_ மணி நேரத்துக்கு மிகாமல் தண்ணீர் இறைக்கலாம். சாகுபடிச் செலவு ஏக்கருக்கு முறையே ரூ.15,000, ரூ.40,000. கையிருப்பு ரூ.1,60,000. மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் 1 ஏக்கருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். செலவு போக லாபம் ஏக்கருக்கு முறையே ரூ.20,000, ரூ.35,000 எனில், அதிகபட்ச லாபத்துக்கு எதை எவ்வளவு பயிரிட வேண்டும்?"

நான் கோடு போட்டு விட்டிருக்கும் இடத்தில், நோட்டின் நடு மடிப்பு நிழல் விழுந்திருந்தது. 3 தெளிவாகத் தெரிகிறது. அடுத்த இலக்கம் வட்டமாக ஏதோ ஒன்று: 6ஆக இருக்கலாம், 0ஆக இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். இதைக் கடைசியில் பார்ப்போம். இப்போதைக்கு 36 என்று வைத்துக்கொள்கிறேன்.

(இவை வகுப்பறை எண்கள். இவற்றை நம்பி யாரும் விதை வெங்காயம் வாங்கிவிட வேண்டாம்.)

முதல் வேலை, வாக்கியத்தைக் கோவையாக மாற்றுவது. மக்காச்சோளம் x ஏக்கர், வெங்காயம் y ஏக்கர். பணத்தை எல்லாம் ஆயிரத்தில் எழுதினால்:

நிலம்: x + y ≤ 6
தண்ணீர்: 4x + 8y ≤ 36
பணம்: 15x + 40y ≤ 160
தீவனம்: x ≥ 1, y ≥ 0
லாபம்: Z = 20x + 35y

இதில் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது "குறையாமல்" என்ற சொல்லில். சொல்லுக்குள் "குறை" இருப்பதால் கை தானாக ≤ போட்டுவிடுகிறது. ஆனால் ஒரு ஏக்கருக்குக் குறையாமல் என்றால் ஒன்றோ அதற்கு மேலோ, அதாவது ≥. "மிகாமல்" நேர் எதிர். காதில் "மிக" விழுந்தாலும் அது ≤ தான். நான் பழக்கியிருக்கும் வழி சுலபமானது: ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, வாக்கியம் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பது. இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டால் மாடு பட்டினி கிடக்குமா? கிடக்காது. அப்படியானால் x = 2 செல்லும், குறி ≥.

போட்டோவில் இன்னொரு தொல்லை உண்டு. பென்சிலில் எழுதிய ≤ குறியின் அடிக்கோடு நோட்டின் நீலக் கோட்டோடு சேர்ந்து மறைந்து, வெறும் < என்று தெரியும். இதனால் வரைபடத்தில் பெரிய நஷ்டம் இல்லை. கோட்டின் எந்தப் பக்கம் என்பது மாறாது. குறி திரும்பிப் போவதுதான் ஆபத்து. தீவனக் கட்டுப்பாட்டை x ≤ 1 என்று எழுதினால், விடை ஒரு ஏக்கர் மக்காச்சோளமும் மூன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் வெங்காயமும் என்று வந்து நிற்கும். நிலத்தில் ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் சும்மா கிடக்கும். அப்படி விடை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குறியைத்தான்.

இனி கோடு போடுவது. ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் முதலில் சமன்பாடாக எடுத்து இரண்டு புள்ளி கண்டுபிடித்து இணைக்க வேண்டும். எல்லோரும் x = 0, y = 0 போட்டு அச்சில் வெட்டும் புள்ளிகளைத்தான் எடுப்பார்கள். நிலக் கோட்டுக்கு (6, 0), (0, 6) கிடைக்கும். தண்ணீர்க் கோட்டுக்கு (9, 0), (0, 4.5). இதுவரை சரி. பணக் கோட்டுக்கு வரும்போது (0, 4) கிடைக்கும், இன்னொன்று x = 32/3, அதாவது 10.67. கிராஃப் தாளில் 10.67ஐ எங்கே வைப்பது? ஒருத்தர் 10.5இல் வைப்பார், இன்னொருத்தர் 11இல் வைப்பார். கோடு முழுக்கவே சாய்ந்துவிடும்.

அச்சில்தான் புள்ளி எடுக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை. 15x + 40y = 160ஐ ஐந்தால் வகுத்தால் 3x + 8y = 32. இதில் x = 8, y = 1 போட்டால் 24 + 8 = 32, சரியாக வருகிறது. ஆக (0, 4), (8, 1) என்ற இரண்டு முழு எண் புள்ளிகள் போதும். கட்டங்கள் வெட்டும் இடத்திலேயே விழும், பென்சில் தடுமாறாது. தண்ணீர்க் கோட்டுக்கும் இப்படி (1, 4), (9, 0) எடுக்கலாம். புள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் இன்னும் நல்லது. அருகருகே இரண்டு புள்ளி வைத்து நீட்டினால் சின்னப் பிசகு நுனியில் பெரிதாகிவிடும்.

அடுத்தது நிழலிடுதல். எந்தப் பக்கம் என்று தெரிய (0, 0)ஐப் போட்டுப் பார்க்கலாம். நிலம்: 0 ≤ 6, உண்மை, தோற்றுவாய் இருக்கும் பக்கம் செல்லும். தண்ணீர், பணம் இரண்டுக்கும் அப்படியே. தீவனம்: 0 ≥ 1, பொய்; அதனால் x = 1 கோட்டுக்கு வலப்பக்கம்.

வழக்கமாகச் செல்லும் பக்கத்தை நிழலிடச் சொல்லுவார்கள். நான்கு கட்டுப்பாட்டுக்கும் அப்படிச் செய்தால், நான்கும் சேரும் ஏற்புடைய பகுதி பென்சில் கருமையில் மூழ்கிப்போகும். நமக்கு வேண்டிய மூலைகள் இருப்பதே அங்கேதான். அதனால் எனக்குப் பிடித்தது எதிர் வழி: செல்லாத பக்கத்தில் மட்டும் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னச் சாய்கோடுகள். வேலை முடியும்போது ஏற்புடைய பகுதி வெள்ளையாக மிஞ்சும், மூலைகள் பளிச்சென்று தெரியும். பரீட்சையில் எந்த வழியைப் போட்டாலும், எது ஏற்புடைய பகுதி என்று எழுதிவிட்டால் போதும்.

இந்தக் கணக்கில் மிஞ்சும் வெள்ளைப் பகுதி ஒரு நாற்கரம். மூலைகளில் மட்டும் லாபத்தைப் பார்த்தால் போதும் என்பதற்குக் காரணம், லாபமும் ஒரு நேர்கோடு என்பதுதான். 20x + 35y = 140 என்று வைத்தால் (7, 0), (0, 4) வழியாக ஒரு கோடு வரும். அந்தக் கோட்டின் மேல் எங்கே நின்றாலும் லாபம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, சாய்வு மாறாமல் மேலே தள்ளிக்கொண்டே போங்கள். லாபம் ஏறிக்கொண்டே போகும். ஸ்கேல் வெள்ளைப் பகுதியைவிட்டு வெளியேறுமுன் கடைசியாகத் தொடும் இடம் ஒரு மூலையாகத்தான் இருக்க முடியும். ஏதாவது ஓர் ஓரம் முழுக்க ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஓரம் முழுவதும் விடை. அப்போதும் அதன் இரு முனைகளும் மூலைகளே.

சரி, அவள் சொன்ன (3, 3)க்கு வருவோம். அவளுடைய வரைபடத்தைப் பார்த்தால் அவள் மேல் குற்றம் சொல்லத் தோன்றாது. நிலக் கோடு, தண்ணீர்க் கோடு, பணக் கோடு மூன்றும் (3, 3) பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது போலத்தான் தெரிகிறது. நிலமும் தண்ணீரும் உண்மையிலேயே (3, 3)இல் வெட்டுகின்றன. பணக் கோடு மட்டும் அதன் வழியாகப் போகவில்லை, சற்றுக் கீழே போகிறது. எவ்வளவு கீழே? 3x + 8y என்பது (3, 3)இல் 33. இருக்க வேண்டியது 32. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் 1/√73, ஏறக்குறைய 0.117. ஒரு சென்டிமீட்டர் ஓர் ஏக்கர் என்று அளவு வைத்திருந்தால் அது 1.2 மில்லிமீட்டர். மழுங்கின பென்சிலின் கோடே அதில் பாதியைத் தின்றுவிடும்.

ஆனால் கன்னிவாடி சம்சாரிக்கு அந்த 1.2 மில்லிமீட்டரின் விலை தெரியும். மூன்று ஏக்கர் மக்காச்சோளத்துக்கு 45 ஆயிரம், மூன்று ஏக்கர் வெங்காயத்துக்கு 1,20,000. மொத்தம் 1,65,000. கையில் இருப்பது 1,60,000. ஐந்தாயிரம் குறைகிறது. லாபம் மட்டும் பார்த்தால் (3, 3) ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் காட்டி ஆசை காட்டும். அந்த இடத்துக்குப் போக வழி இல்லை.

உண்மையான மூலை நிலக் கோடும் பணக் கோடும் வெட்டுமிடம். x + y = 6, 3x + 8y = 32. முதலாவதை மூன்றால் பெருக்கிக் கழித்தால் 5y = 14, y = 2.8, x = 3.2. இதைப் பின்னம் என்று பயப்பட வேண்டியதில்லை. நம்ம ஊரில் ஏக்கருக்கு நூறு சென்ட். மூன்று ஏக்கர் இருபது சென்ட் மக்காச்சோளம், இரண்டு ஏக்கர் எண்பது சென்ட் வெங்காயம். பத்திரம் எழுதுகிற அளவுக்குத் தெளிவான விடை.

மற்ற மூலைகள்: (1, 0)இல் லாபம் 20 ஆயிரம், (6, 0)இல் 1,20,000, (1, 3.625)இல் 1,46,875. (3.2, 2.8)இல் 64 + 98 = 162, அதாவது 1,62,000. டீச்சர் எழுதியது சரி.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது: வரைபடத்திடம் எந்த இரண்டு கோடு என்று மட்டும் கேட்க வேண்டும், எந்த எண் என்று சமன்பாட்டிடம் கேட்க வேண்டும், கிடைத்த புள்ளியை மற்ற எல்லாக் கட்டுப்பாடுகளிலும் போட்டுப் பார்க்காமல் மூலை என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. தொழில் புத்தி விடாததால் பைத்தானிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்:

```python
from fractions import Fraction as F
from itertools import combinations

# a*x + b*y <= c
L = [(1,1,6), (4,8,36), (15,40,160), (-1,0,-1), (0,-1,0)]

for (a,b,c), (d,e,f) in combinations(L, 2):
    D = a*e - b*d
    if D == 0: continue
    x, y = F(c*e - b*f, D), F(a*f - c*d, D)
    if all(p*x + q*y <= r for p,q,r in L):
        print(x, y, 20*x + 35*y)
```

ஐந்து கோடுகளை இரண்டிரண்டாக எடுத்தால் பத்து வெட்டுப்புள்ளிகள். `all` என்ற வரியில் ஆறு புள்ளிகள் விழுந்துவிடுகின்றன, (3, 3) உட்பட. நான்கு மிஞ்சுகின்றன. தசம எண்களுக்குப் பதில் `Fraction` போட்டதற்குக் காரணம் உண்டு. மூலை என்பது கோட்டின் மேலேயே நிற்பது. கம்ப்யூட்டரின் தசமத்தில் கடைசி இலக்கம் ஒரு துளி கூடினால்கூட, நல்ல மூலையை வெளியே தள்ளிவிடும்.

இரண்டு பயிருக்கு இது போதும். இருபது பயிர், முப்பது கட்டுப்பாடு, அதோடு எந்தப் பயிரும் பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது என்ற இருபது என்று வைத்தால், ஐம்பதிலிருந்து இருபது இருபதாக எடுக்க வேண்டும். 47 லட்சம் கோடி வெட்டுப்புள்ளிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் முறை இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. அதன் கருத்தை இந்தப் போட்டோவை வைத்தே சொல்லிவிடலாம், வரப்பில் நடப்பது மாதிரி.

(6, 0) என்ற மூலையில் நில்லுங்கள். ஆறு ஏக்கரும் மக்காச்சோளம். அங்கிருந்து நிலக் கோடு என்ற வரப்பின் மேல் மேல்நோக்கி நடங்கள்; வெங்காயம் கூடக் கூட மக்காச்சோளம் அதே அளவு குறையும், x = 6 − y. போகிற வழியில் எந்த வேலி முதலில் தடுக்கும்? பண வேலி: 90 + 25y ≤ 160, ஆக y 2.8 ஆகும்போது தடுக்கும். தண்ணீர் வேலி: 24 + 4y ≤ 36, y 3 ஆகும்போது. தீவன வேலி, y 5 ஆகும்போது. முதலில் வருவது 2.8. அங்கே நின்றுவிட வேண்டும், அதுதான் அடுத்த மூலை. தண்ணீர் வேலி இருபது சென்ட் தள்ளி நிற்கிறது. நாம் அதுவரை போவதே இல்லை. சிம்ப்ளெக்ஸில் விகிதச் சோதனை என்று அட்டவணை போட்டுச் செய்வது இந்த நடையைத்தான். அட்டவணையைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒரு தடவை இப்படி வரப்பில் நடந்து பார்க்கலாம்.

அவள் அனுப்பிய வரைபடப் படத்தையும் இப்படி நடந்துதான் சரிபார்த்தேன். வேறு வழியில்லை, ஏனென்றால் படம் சாய்வாக எடுக்கப்பட்டது. மேசையில் தாளை வைத்து உட்கார்ந்தபடியே எடுத்தால், தாளின் தூர ஓரத்துக் கட்டங்கள் சிறியதாகவும் கிட்டத்துக் கட்டங்கள் பெரியதாகவும் விழும். திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் எண்கள் பொய் சொல்லும். இணைகோடுகள்கூட இணையாக இருக்காது. அதனால் லாபக் கோட்டை ஸ்கேலால் தள்ளிப் பார்க்கும் வித்தையும் சாய்ந்த போட்டோவில் எடுபடாது. ஆனால் சாய்வு சில விஷயங்களைத் தொடுவதில்லை. லென்ஸ் ஓரங்களை வளைக்காதவரை நேர்கோடு நேர்கோடாகவே விழும். இரண்டு கோடு வெட்டும் இடம் படத்திலும் வெட்டும் இடமே. ஒரு கோட்டின் மேல் நடந்துபோனால் மற்ற கோடுகள் குறுக்கிடும் வரிசையும் மாறாது. அதனால் தாளில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட்டு, பணக் கோடு முதலில் வருகிறதா, தண்ணீர்க் கோடு முதலில் வருகிறதா என்று பார்ப்பது சாய்ந்த படத்திலும் செல்லும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவளுடைய வரைபடத்திலேயே பணக் கோடு (3, 3)க்கு ஒரு சின்னக் கட்டம் கீழே போகிறது. கோடு சரியாகத்தான் போட்டிருக்கிறாள். மூலையைக் கண்ணால் முழு எண்ணுக்கு இழுத்துவிட்டாள். முழு எண்ணைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது என்று நினைப்பது பாடப் புத்தகங்கள் நமக்குப் பழக்கிய வழக்கம்.

இப்போது அந்த மடிப்பு நிழலுக்குள் இருக்கும் இலக்கம். இதைத்தான் எனக்கு விட்டுவிட மனசில்லை.

தண்ணீர் 30 மணி நேரம் என்று வைத்துப் பார்ப்போம். அதே வரப்பில் நடந்தால் 24 + 4y ≤ 30, தண்ணீர் வேலி y = 1.5இலேயே தடுத்துவிடும். விடை நாலரை ஏக்கர் மக்காச்சோளம், ஒன்றரை ஏக்கர் வெங்காயம், லாபம் 1,42,500. செலவு 1,27,500தான் ஆகும். 32,500 ரூபாய் பெட்டியில் சும்மா இருக்கும். 36 என்றால் கதை தலைகீழ். (3.2, 2.8)க்குத் தேவைப்படும் தண்ணீர் 12.8 + 22.4 = 35.2 மணி நேரம். வாரத்துக்கு 48 நிமிடம் மோட்டார் மிச்சம், பணம் கடைசி ரூபாய் வரை காலி. ஆக 36இல் தண்ணீர்க் கோடு ஏற்புடைய பகுதியைத் தொடவே தொடாது. வரையாமல் விட்டாலும் விடை மாறாது. 30இல் பணக் கோடு அப்படி ஆகிவிடும். மடிப்புக்குள் இருக்கும் ஒரே இலக்கம், இந்த விவசாயியின் முட்டுக்கட்டை கிணறா கையிருப்பா என்பதை மாற்றிவிடுகிறது.

டீச்சர் 3.2, 2.8 என்று எழுதியதால், படத்தைப் பார்க்காமலே அந்த இலக்கத்தை நெருங்கிவிடலாம். அந்த விடை வர வேண்டுமானால் தண்ணீர் 35.2 மணிக்குக் குறையக் கூடாது. எனவே அது 0 இல்லை. 6ஆ 8ஆ என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே விடை. அப்புறம் நோட்டை நன்றாக விரித்து வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன், 36தான்.

கன்னிவாடி பழனி மலை அடிவாரத்தில் இருக்கிறது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய விவசாயிகள் இருக்கும் ஊர். அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் தண்ணீரைத்தான் சொல்லுவார்கள். அதனால் இந்தக் கணக்கின் விடை எனக்கு வினோதமாக இருந்தது. 30 மணி என்ற கணக்கில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் கிடைத்தால் y கால் ஏக்கர் கூடும், லாபம் 3,750 ரூபாய் ஏறும். கிணற்றை ஆழப்படுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். 36 மணி என்ற கணக்கில் அதே ஒரு மணி நேரத்தின் மதிப்பு பூஜ்யம். அங்கே கிணறு வெட்டுவது வீண் செலவு.

விலை மாறினால் என்ன? சின்ன வெங்காயம் விலை எப்படி ஆடும் என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுபோனவர்களுக்குத் தெரியும். விலை மாறினால் நிழலிட்ட பகுதி மாறாது. லாபக் கோட்டின் சாய்வுதான் மாறும். அந்தச் சாய்வு நிலக் கோட்டின் சாய்வுக்கும் பணக் கோட்டின் சாய்வுக்கும் நடுவில் இருக்கும்வரை (3.2, 2.8) அசையாது. மக்காச்சோளத்தின் லாபம் 20 ஆயிரத்திலேயே நின்றால், வெங்காய லாபம் ஏக்கருக்கு 20 ஆயிரத்திலிருந்து ஏறக்குறைய 53,300 வரை எங்கே இருந்தாலும் இதே மூலைதான். அதற்குக் கீழே போனால் ஆறு ஏக்கரும் மக்காச்சோளம்; மேலே போனால் தீவனத்துக்கு ஓர் ஏக்கர் விட்டு மற்ற பணமெல்லாம் வெங்காயம். நட்ட பிறகு விலை விழுந்தால் என்ன என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லாது. லாபம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும் என்று அது நம்புகிறது.

கடைசியாக அந்த ஐந்தாயிரம். (3, 3)க்குப் போக ஐந்தாயிரம் குறைகிறதே, கடன் வாங்கினால் என்ன? நிலமும் பணமும் இறுக்கிப் பிடிக்கும் மூலையில் ஆயிரம் ரூபாய் கூடினால், y நாலு சென்ட் கூடும், லாபம் 600 ரூபாய் கூடும். ஐந்தாயிரத்துக்கு மூவாயிரம். ஊரில் நூற்றுக்கு மூணு வட்டி என்று வாங்கினால் மாதம் 150, நாலு மாதப் பயிருக்கு 600. வட்டி போக 2,400 கையில் நிற்கும். ஆனால் சரியாக ஐந்தாயிரம் வரைக்கும்தான். (3, 3)ஐத் தொட்டதும் அதுவரை சும்மா இருந்த தண்ணீர் வேலி குறுக்கே வந்துவிடும். அதற்கு மேல் வாங்கும் கடனில் வெங்காயம் ஒரு சென்ட்கூடக் கூடாது. வட்டி மட்டும் ஓடும்.